கோடு ஏறிவிட்டது, பூ ஏறவில்லையே?

வாசகர் கேள்வி: "திருப்பரங்குன்றம் பக்கம் ஒன்றரை ஏக்கர் மல்லி வைத்திருக்கிறேன். ஜனவரி மாத வெப்பநிலைப் படம் ஒன்று போனில் வந்தது. அதில் ராத்திரிக் குளிர் ஒரு நாள் அடியில் போய் அடுத்த நாளே மேலே ஏறியது. குளிர் உடைந்துவிட்டது என்று நம்பி, பூப்பறிக்கிற ஆட்களுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். கமிஷன் கடையிலும் சொல்லிவைத்தேன். ஆனால் பத்து நாளாகியும் பூ கூடவில்லை. படம் பொய்யா, நான் பார்த்தது தப்பா?"

பதில்: படம் பொய்யில்லை. அதில் பார்க்க வேண்டிய இடம்தான் வேறு. அந்த விவசாயியும் பிளஸ் டூ படிக்கும் அவர் மகளும் ஓர் அடிக்கோலை வைத்துக்கொண்டு அதே படத்தை மறுபடி படித்தார்கள். அவர்கள் படித்த விதத்தைச் சொன்னால் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அது இங்கே விரிவாக வருகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போனுக்கு வந்த அந்தப் படத்தில் மேல்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. எந்த நிலையத்தின் அளவு, எந்த ஆண்டு என்பது அதில் இல்லை. ஆகவே இங்கே வரும் எண்களை மதுரையின் வானிலைப் பதிவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். படிக்கும் முறைக்கு மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மல்லிக்கும் இரவுக் குளிருக்கும் உள்ள தொடர்பு

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசியில் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்வது வழக்கம். அதன்பின் டிசம்பர், ஜனவரியில் பூ மிகவும் குறைந்துபோகும். பகல் வெயில் நன்றாக இருந்தாலும் இரவு குளிர்ந்தால் தளிர் மெதுவாக வரும், மொட்டும் மெதுவாகத்தான் பெருக்கும். இரவு வெதுவெதுப்பு திரும்பிய பிறகுதான் செடி வேகம் பிடிக்கும். அதனால் மல்லிக்காரருக்கு அந்த மாதத்தில் பகல் உச்சத்தைவிட இரவின் அடி அளவுதான் முக்கியம். இறங்கிக்கொண்டிருந்த அந்த அளவு எப்போது ஏறத் தொடங்கியது என்பதுதான் அவர் கேள்வியின் உயிர்.

முதலில் எது எந்தக் கோடு என்று பாருங்கள்

அந்தப் படத்தில் சிவப்பில் ஒரு கோடும் நீலத்தில் ஒரு கோடும் இருந்தன. மேலே ஓடிய சிவப்புக் கோட்டுக்கு Max என்றும் கீழே ஓடிய நீலக் கோட்டுக்கு Min என்றும் ஓரத்தில் எழுதியிருந்தது. சிவப்பு ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பநிலை. நீலம் ஒவ்வொரு நாளின் குறைந்தபட்ச வெப்பநிலை. அப்பா முதலில் சிவப்புக் கோட்டின் பள்ளத்தையும் நீலக் கோட்டின் பள்ளத்தையும் கலந்து பார்த்திருந்தார்.

"அப்பா, ஒரு கோட்டையே கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டுப் போங்க. நடுவுல மாறக்கூடாது" என்றாள் மகள்.

சில படங்களில் Avg என்று ஒரே ஒரு கோடுதான் இருக்கும். அது நாளின் சராசரி. அதில் அந்த நாளின் உச்சமும் தெரியாது, அடியும் தெரியாது. Feels like என்று ஒரு கோடு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். காற்றும் ஈரப்பதமும் சேர்ந்து மனித உடம்புக்கு எப்படித் தோன்றும் என்பதற்கான கணக்கு அது, வெப்பமானி காட்டிய அளவு அன்று. கோடு ஓர் இடத்துக்குப் பிறகு புள்ளிபுள்ளியாகவோ மங்கலாகவோ போனால் அந்தப் பகுதி பெரும்பாலும் முன்னறிவிப்பு. நடந்ததையும் நடக்கும் என்று சொன்னதையும் ஒரே கணக்கில் சேர்க்கக்கூடாது. இடப்பக்கம் °F என்று இருந்தால் அது பாரன்ஹீட் அளவு. 86 என்று அதில் தெரிவது 30 டிகிரி செல்சியஸ்தான்.

அடுத்தது இடப்பக்க எண்கள். அந்தப் படத்தில் கீழ்க்கோடு 0 அல்ல, 16. மேல்கோடு 34. கீழ்க்கோடு 0 என்று நினைத்துப் பார்த்தால் சின்ன இறக்கமும் பெரிய பள்ளமாகத் தோன்றும். நீலக் கோடு படத்தின் அடியைத் தொடப்போவதுபோல் இறங்கியிருந்ததற்கும் அதுதான் காரணம். உண்மையில் அது ஒன்றிரண்டு டிகிரி இறக்கம்தான்.

அடிக்கோல் வைத்து எண்ணைப் பிடிப்பது

மகள் போனைப் படுக்கைவாட்டில் வைத்து, படம் திரை முழுக்க வரும்படி செய்தாள். பிறகு இரண்டு அளவுகளை எடுத்தாள்.

மேலும் கீழும்: 16 என்ற கிடைக்கோட்டுக்கும் 18 என்ற கிடைக்கோட்டுக்கும் நடுவே 6 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டருக்கு 2 டிகிரி என்றால் 3 மில்லிமீட்டருக்கு 1 டிகிரி.

இடமும் வலமும்: கீழே 1, 6, 11, 16, 21, 26, 31 என்று ஐந்து நாளுக்கு ஒரு தேதிதான் போட்டிருந்தது. 6க்கும் 11க்கும் நடுவே 20 மில்லிமீட்டர். ஐந்து நாளுக்கு 20 என்றால் ஒரு நாளுக்கு 4 மில்லிமீட்டர்.

இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் படத்தில் உள்ள எந்தப் புள்ளியையும் எண்ணாக மாற்றலாம். நீலக் கோட்டின் மிகத் தாழ்ந்த புள்ளி 16 என்ற கோட்டிலிருந்து 4.5 மில்லிமீட்டர் மேலே இருந்தது. 4.5ஐ 3ஆல் வகுத்தால் 1.5. அதை 16உடன் கூட்டினால் 17.5 டிகிரி. அதே புள்ளி 6ஆம் தேதிக் குறியிலிருந்து வலப்பக்கம் 12 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. நாளுக்கு 4 மில்லிமீட்டர் என்பதால் மூன்று நாள். ஆக தேதி ஜனவரி 9. மாதத்தின் குறைந்தபட்ச அளவு கிடைத்துவிட்டது: 9ஆம் தேதி, 17.5 டிகிரி.

சிவப்புக் கோட்டின் உயரமான புள்ளி 32 என்ற கோட்டுக்கு மேலே 3 மில்லிமீட்டர். ஆகவே 33 டிகிரி. அது 26ஆம் தேதிக் குறியிலிருந்து 20 மில்லிமீட்டர், அதாவது 31ஆம் தேதி. மாதத்தின் அதிகபட்சம் அது.

இதில் மூன்று கவனம் வேண்டும். கோடு தடிமனாக இருந்தால் அதன் நடுப்பகுதியிலிருந்து அளக்க வேண்டும். விரலால் படத்தைப் பெரிதாக்கினால் கிடைக்கோடுகளின் இடைவெளியையும் மறுபடி அளக்க வேண்டும். பெரிதாக்கும் முன் எடுத்த இடைவெளியை வைத்துக்கொண்டு, பெரிதாக்கிய பின் புள்ளியை அளந்தால் கணக்கு தப்பிவிடும். கை அரை மில்லிமீட்டர் தவறலாம் என்பதால் விடையில் கால் டிகிரி வரை முன்னே பின்னே இருக்கும். 17.5 என்று வந்ததை 17.46 என்று எழுதுவதில் பொருளில்லை. இரண்டு நாட்களுக்கு நடுவே கால் டிகிரி வித்தியாசம் தெரிந்தால் அவற்றைச் சமம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தப்பும் இங்கே நடக்கும். சில செயலிகள் புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்காமல், அழகுக்காக வழவழவென்று வளைத்து இணைக்கும். அப்படி வளைக்கும்போது கோடு புள்ளியைத் தாண்டி இன்னும் கொஞ்சம் கீழே போய்த் திரும்பும். 8ஆம் தேதிக்கும் 9ஆம் தேதிக்கும் நடுவே அப்படி ஒரு தொங்கல் தெரிந்தால் அது யாரும் அளந்த வெப்பநிலை இல்லை. ஒரு நாளைக்கு ஒரு அளவுதான் உண்டு. தேதிக்கு நேர் மேலே கோடு எங்கே இருக்கிறதோ அதை மட்டும் படிக்க வேண்டும்.

அடிப்புள்ளி வேறு, திருப்பம் வேறு

அப்பா தவறியது இந்த இடத்தில்தான். 9ஆம் தேதி 17.5. மறுநாள் 19. அதற்கு மறுநாள் 19.5. இரண்டே நாளில் இரண்டு டிகிரி ஏறிவிட்டதைப் பார்த்துத்தான் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

"ஏறிருச்சேம்மா, கண்ணுக்கு முன்னாடி தெரியுதே."

"ஏறுச்சுப்பா. ஆனா மறுபடி இறங்கிருச்சு பாருங்க."

மகள் ஒவ்வொரு நாளுக்கும் நீலக் கோட்டை அளந்து நோட்டில் எழுதினாள். அரை டிகிரிக்குச் சுருக்கி எழுதியது இது:

5ஆம் தேதி 20.0
6ஆம் தேதி 19.5
7ஆம் தேதி 19.0
8ஆம் தேதி 18.5
9ஆம் தேதி 17.5
10ஆம் தேதி 19.0
11ஆம் தேதி 19.5
12ஆம் தேதி 19.0
13ஆம் தேதி 18.5
14ஆம் தேதி 18.5
15ஆம் தேதி 18.0
16ஆம் தேதி 18.0
17ஆம் தேதி 18.0
18ஆம் தேதி 18.5
19ஆம் தேதி 19.0
20ஆம் தேதி 19.5
21ஆம் தேதி 19.5
22ஆம் தேதி 20.0

திருப்பம் என்றால் அதுவரை இறங்கி வந்த போக்கு நின்று, ஏறும் போக்கு தொடங்கும் இடம். இரண்டு பக்கமும் அண்டை நாளைவிடத் தாழ்ந்த ஒரு புள்ளி இருந்தாலே திருப்பம் என்று எடுத்துக்கொண்டால், ஒரு மாதப் படத்தில் அப்படி ஐந்தாறு கிடைக்கும். மேகம் விலகிய ஓர் இரவு, காற்று அடங்கிய ஓர் இரவு போதும், ஒரு புள்ளி தனியாகக் கீழே விழுந்துவிடும். தரையின் சூடு மேகமில்லாத இரவில் வேகமாக வெளியேறிவிடுவதுதான் காரணம். மேகம் வந்தால் மறுநாளே அளவு ஏறும். அது பருவம் மாறியதற்கு அடையாளமாகாது.

இந்தத் தனி நாள் ஆட்டத்தை அடக்குவதற்கு ஐந்து நாள் சராசரி போதும். ஒரு தேதிக்கு முன்னால் இரண்டு நாள், அந்தத் தேதி, பின்னால் இரண்டு நாள் ஆகிய ஐந்து அளவுகளையும் கூட்டி 5ஆல் வகுக்க வேண்டும். வந்த விடையை நடுத் தேதிக்கு நேரே எழுத வேண்டும்.

9ஆம் தேதிக்கு: 19.0, 18.5, 17.5, 19.0, 19.5. கூட்டினால் 93.5. ஐந்தால் வகுத்தால் 18.7. ஒற்றை நாள் பள்ளம் அண்டை நாட்களோடு கலந்து அமுங்கிவிட்டது.

12ஆம் தேதிக்கு 18.9. 13க்கு 18.7. 14க்கு 18.4. 15க்கு 18.2. 16க்கும் 18.2. 17க்கு 18.3. 18க்கு 18.6. 19க்கு 18.9. 20க்கு 19.3.

இப்போது படம் வேறு கதை சொல்கிறது. 12ஆம் தேதி வாக்கில் சற்றே தூக்கிய சராசரி மறுபடி இறங்கி, 15, 16 தேதிகளில் அடியைத் தொட்டு, அதன்பின் விடாமல் ஏறுகிறது. மாதத்தின் குறைந்தபட்ச அளவு 9ஆம் தேதி. ஆனால் குளிர் திரும்பியது 15, 16 தேதிகளில். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வாரம். முன்பணமும் அந்த ஒரு வாரத்தில்தான் போனது.

திருப்பம் நடந்த அன்றே தெரியாது

16ஆம் தேதியின் சராசரியைப் போட 18ஆம் தேதி அளவு வேண்டும். அது ஏறுகிறதா என்று உறுதியாகச் சொல்ல 17, 18 தேதிகளின் சராசரியும் வேண்டும். அதற்கு 20ஆம் தேதி காலை அளவு வரும்வரை காத்திருக்க வேண்டும். சுருங்கச் சொன்னால் 16இல் நடந்தது 20இல்தான் தெரியும். நாலு நாள் தாமதம் இந்த முறைக்கான விலை. ஐந்து நாளுக்குப் பதில் மூன்று நாள் சராசரி போட்டால் விடை சீக்கிரம் கிடைக்கும். ஆனால் ஒற்றை நாள் பள்ளம் அதில் முழுதாக அமுங்காது, ஏமாற்றம் கூடும்.

சிவப்புக் கோட்டின் 33 டிகிரிக்கும் இதே விதிதான். அது 31ஆம் தேதி, அதாவது படத்தின் கடைசிப் புள்ளி. மாதத்தின் அதிகபட்சம் என்று அதைச் சொல்லலாம். திருப்பம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்கு அடுத்த நாட்கள் படத்தில் இல்லை. பிப்ரவரியில் அது மேலும் ஏறியிருக்கலாம். படத்தின் ஓரத்தில் வரும் உச்சத்தையும் அடியையும் திருப்பமாக எடுக்கவே கூடாது.

தேதி ஒரு நாள் தள்ளிப்போவது ஏன்?

அப்பாவுக்கு இன்னொரு சந்தேகம். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு தாயி, வெடவெடன்னு நடுங்குனது பத்தாந்தேதி விடியக்காலம். படத்துல ஒம்போதுன்னு இருக்கு."

இதுவும் நடக்கக்கூடியதுதான். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிலையங்களில் குறைந்தபட்ச அளவைக் காலை 8.30 மணிக்குப் படிப்பார்கள். அன்று விடியற்காலைக் குளிர் அன்றைய தேதியிலேயே வரும். ஆனால் வெளிநாட்டுச் செயலிகள் சில, உலகப் பொது நேரப்படி நாளைப் பிரிக்கின்றன. அதன் நள்ளிரவு நமக்குக் காலை 5.30 மணி. ஜனவரியில் மதுரைப் பக்கம் சூரியன் உதிக்க ஆறரை தாண்டிவிடும், குளிர் அடியைத் தொடுவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். அப்படியானால் 10ஆம் தேதி விடியலுக்கு முந்தைய குளிர், காலை 5.30 வரைக்கும் அந்தச் செயலியின் கணக்கில் 9ஆம் தேதியில் விழும். ஒரே விடியற்காலை இரண்டு தேதிகளுக்குப் பங்கு போய்விடும். ஐந்து நாள் சராசரியில் இந்த ஒரு நாள் பிசகு பெரிதாகத் தெரியாது. ஒற்றைப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு முடிவெடுத்தால் தெரியும்.

வெட்டுப்பட்ட மேல்பகுதியின் அருமையும் இங்கேதான் புரிகிறது. மதுரை என்று போட்டிருந்தாலும் வானிலைத் துறை நகரத்துக்கு ஓர் அளவும் விமான நிலையத்துக்கு ஓர் அளவும் தனித்தனியாகத் தருகிறது. திருப்பரங்குன்றம் பக்கத்தாருக்கு விமான நிலையம் அருகில். கட்டடங்கள் நெருங்கிய நகரத்தில் இரவுச் சூடு தங்கும், திறந்த வயலில் தங்காது. நிலையத்தில் வெப்பமானி சுமார் நாலடி உயரத்தில், காற்று போய்வரும் வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் இருக்கும். அமைதியான இரவில் தரையை ஒட்டிய செடியின் உயரத்தில் அதைவிடக் குளிர் கூடுதலாகவே இருக்கும். ஆகவே படத்தில் 17.5 என்றால் தோட்டத்திலும் 17.5 என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கு இரண்டு இடத்திலும் பெரும்பாலும் சேர்ந்தே போகும். திருப்பத்தைத் தேட நிலையத்தின் படம் போதும் என்பது அதனால்தான்.

யாராவது படம் அனுப்பினால் தலைப்பு, நிலையத்தின் பெயர், ஆண்டு, இரண்டு பக்க எண்கள் எல்லாம் தெரியும்படி முழுத் திரையையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மங்கும், ஆவணமாக அனுப்பினால் கோடு தெளிவாக இருக்கும்.

படம் சொல்வதும் மொட்டு சொல்வதும்

சரியான திருப்பத்தைக் கண்டுபிடித்தாலும் அன்றே பூ ஏறாது. இரவு வெதுவெதுப்பு திரும்பிய பிறகு தளிர் ஓட வேண்டும், தளிர் நுனியில் மொட்டு கட்ட வேண்டும், அது பெருக்க வேண்டும். கவாத்து தாமதமான செடியும் தண்ணீர் காய்ந்த செடியும் இன்னும் பிந்தும். வெப்பநிலைப் படம் "இனிமேல் செடியைப் பார்க்கத் தொடங்கு" என்றுதான் சொல்லும். "ஆளைக் கூப்பிடு" என்று சொல்வது மொட்டுதான்.

மகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி அப்பாவிடம் கொடுத்தாள். ஐந்து நாள் சராசரி தொடர்ந்து மூன்று முறை ஏறினால் தோட்டத்துக்குப் போய் பத்துச் செடியில் மொட்டுக் கொத்தை எண்ண வேண்டும். நாலு நாள் கழித்து அதே பத்துச் செடியில் மறுபடி எண்ண வேண்டும். எண்ணிக்கை கூடியிருந்தால் ஆட்களுக்குச் சொல்லலாம்.

"இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த முன்பணம் மிச்சமாயிருக்குமே" என்றார் அப்பா.

"அவங்க நம்ம ஊர் ஆளுங்கதானப்பா. பூ வரும்போது கழிச்சுக்கலாம்" என்றாள் மகள்.

மறுநாள் காலையிலேயே அவர் பறிப்பவர்களைப் பார்த்து நாள் தள்ளிப்போவதைச் சொல்லிவிட்டார். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டியவர்கள் அதனால் ஒரு நாள் கூலியும் இழக்காமல் போனார்கள்.